ஆறு எழுத்தும் ஒரு துருப்பிடித்த ஸ்டிக்கும்

பழைய கருவி ஒன்றை வைத்துச் சிறுவர் கதை எழுத உட்கார்ந்தால், முதல் பக்கம் முடிவதற்குள் ஒரு தாத்தா வந்துவிடுவார். பையன் கருவியை நீட்டுவான். தாத்தா மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "இது என்னன்னு தெரியுமாடா?" என்று ஆரம்பிப்பார். தொழிலின் பெயர், அது செழித்த காலம், அழிந்த காரணம் எல்லாவற்றையும் அவரே சொல்லி முடிப்பார். பையனுக்கு அந்தக் கதையில் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. தலையாட்டுவான், கடைசியில் பெருமூச்சு விடுவான். இப்படிப்பட்ட கதைகளை நான் நிறையப் படித்திருக்கிறேன். ஒன்றில்கூடக் கருவி என் கைக்கு வந்ததில்லை.

அண்மையில் ஒரு சிறுவர் இதழுக்காக எழுதிய கதையில் அந்தத் தாத்தாவை வாசலிலேயே நிறுத்திவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். சந்தையில் ஒரு துருப்பிடித்த இரும்பைப் படம் எடுக்கும் பையன், அது எந்தத் தொழிலுக்கு உரியது என்பதை அந்த இரும்பிலிருந்தே கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு இரும்பு பேச வேண்டும். எந்த இரும்பு அப்படிப் பேசும் என்று யோசித்தபோது எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. இளவயதில் மதுரையில் ஒரு சின்ன அச்சகத்தில் எழுத்துக் கோக்கக் கற்றுக்கொண்டவன் நான். என் இடக்கைக்கு மிக நன்றாகத் தெரிந்த கருவி கம்போசிங் ஸ்டிக்.

பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். அது ஒரு சிறிய இரும்புத் தட்டு. நீள வாட்டில் ஒரு பக்கம் சுவர், ஒரு முனையில் நிலையான சுவர், மறுமுனையில் முன்னும் பின்னும் தள்ளி வேண்டிய இடத்தில் இறுக்கிக்கொள்ளும் இன்னொரு சுவர். நான்காவது பக்கம் திறந்திருக்கும். இடக்கை விரல்கள் அடியில் தாங்க, கட்டைவிரல் தட்டுக்குள் படுத்திருக்கும். வலக்கை, அறை அறையாகப் பிரித்த கேஸில் இருந்து எழுத்தை ஒவ்வொன்றாக எடுத்து வந்து வைக்க வைக்க, கடைசி எழுத்து சாயாமல் கட்டைவிரல் அணைத்துக்கொண்டே நகரும். தள்ளும் சுவரை எங்கே இறுக்குகிறோமோ அதுதான் வரியின் நீளம். ஒரு வரி முடிந்ததும் அதன்மேல் அடுத்த வரி. சில வரிகள் சேர்ந்தால் அப்படியே அள்ளிக் கேலித் தட்டுக்கு மாற்றிவிட்டு மறுபடி காலி ஸ்டிக்கோடு தொடங்குவோம்.

தொழில் தெரியாதவர் கண்ணுக்கு இது எதுவாகவும் தோன்றும். தச்சரின் அளவுகோல் என்பார்கள், மெக்கானிக்கின் ஏதோ பாகம் என்பார்கள். கதைக்கு எனக்குத் தேவைப்பட்டதும் அதுதான்.

கதை பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தையில் தொடங்குகிறது. உடைந்த கைப்பேசி, பழைய மின்விசிறி, கேமரா, கடிகாரம், பூட்டு, பித்தளைச் சாமான் என்று எதுவும் கிடைக்கும் இடம். கதிர் என்ற பையன் கைப்பேசி பழுது பார்க்கும் சித்தப்பாவோடு உதிரி பாகம் வாங்க வருகிறான். நீலத் தார்ப்பாயில் கிடக்கும் இரும்புக் குவியலில் ஸ்டிக்கைப் பார்க்கிறான். விலை முந்நூறு ரூபாய். அவன் பையில் ஐம்பது. அதனால் படம் எடுக்கிறான்.

இந்த 'அதனால்' எனக்கு முக்கியமாக இருந்தது. பையன் ஏன் படம் எடுக்கிறான் என்ற கேள்விக்குக் கதையில் பதில் இருக்க வேண்டும். 'அவனுக்குப் புகைப்பட ஆர்வம்' என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனால், கைப்பேசி வெறும் அலங்காரம் ஆகிவிடும். காசு இல்லாததால் எடுக்கிறான் என்றால், படம் அந்தப் பொருளுக்குப் பதிலாக நிற்கிறது. அதைக் கவனித்துத்தான் எடுப்பான். கடைக்காரர், "எதுக்குடா போட்டோ? வாங்கறதுன்னா எடு" என்று அதட்டுவதற்குள் நாலைந்து படம் எடுத்துவிடுகிறான்.

எப்படி எடுக்கிறான் என்பதை ஒரு பத்தி முழுக்க எழுதினேன். உச்சி வெயிலில் மேலிருந்து எடுத்த முதல் படத்தில் எல்லாம் ஒரே பழுப்பாகத் தெரிகிறது. துருப்பிடித்த இரும்பின் மேடு பள்ளம் தெரிய வேண்டுமானால் வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து தாழ்வாக வர வேண்டும். கதிருக்கு இது தெரியாது. ஆனால் இரும்பைச் சாய்த்துப் பிடித்தபோது, வெயில் பக்கவாட்டில் பட்டு அதன் ஒரு முனையில் ஏதோ வரிசையாகத் தெரிவதைப் பார்க்கிறான். அந்த நேரம் எடுத்த படம்தான் கதையைத் தாங்குகிறது. அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தையும் வைத்து எடுக்கிறான். உதிரி பாகம் வாங்கும்போது சித்தப்பா அப்படித்தான் எடுத்து அனுப்புவார்.

வீட்டுக்கு வந்து படத்தைப் பெரிதாக்கினால், துருவுக்கு நடுவே துருப்பிடிக்காத சாம்பல் நிறத் துண்டுகள் நெருக்கமாக நிற்கின்றன. மூன்று உயரமானவை, நடுவில் குட்டையாக ஒன்று, மறுபடி மூன்று உயரமானவை. இரண்டு பக்கமும் வரிசை நெடுகக் குட்டைக் கட்டைகள். உயரமானவற்றின் தலையில் மட்டும் கறுப்பாக ஏதோ வடிவம்.

இங்கே ஒவ்வொரு நுணுக்கமும் தொழிலில் இருந்து வந்தது. அச்செழுத்து ஈயத்தில் வார்க்கப்படுவது. கெட்டிப்பட அதில் ஆன்டிமனியும் கொஞ்சம் வெள்ளீயமும் சேர்ப்பார்கள். இரும்பு இல்லாததால் துரு ஏறாது, மங்கிச் சாம்பல் பூக்கும், அவ்வளவுதான். எழுத்து ஏறத்தாழ 23 மில்லிமீட்டர் உயரம் நிற்கும். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே வரும் வெற்றிடமும் ஒரு ஈயத் துண்டுதான். அது எழுத்தைவிடச் சில மில்லிமீட்டர் குட்டை என்பதால் மை உருளை அதைத் தொடாது. தாளில் அந்த இடம் வெள்ளையாக விழும். தலையில் மட்டும் கறுப்பு இருப்பது, கழுவாமல் விட்ட பழைய மை.

அந்த எழுத்துகள் இத்தனை ஆண்டு ஸ்டிக்கிலேயே எப்படி நின்றன? இதற்குப் பதில் கிடைத்த பிறகுதான் எனக்குக் கதைமேல் நம்பிக்கை வந்தது. ஒரு வரியைக் கோத்து முடித்ததும், அது இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் இடையே சரியாகப் பொருந்தும்வரை இடைத்துண்டுகளை மாற்றி மாற்றி வைப்போம். எம் அளவுக் கட்டை, அதில் பாதி, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்று படிப்படியாக மெல்லியவை உண்டு. வரி சரியாக இருக்கிறதா என்பதை எங்கள் அச்சகத்தில் கையால் பார்ப்போம். கட்டைவிரலை எடுத்துவிட்டு வரியை மெல்ல முன்னால் சாய்த்தால், விழாமல் சாய்ந்தபடியே நிற்க வேண்டும். விழுந்தால் வரி தளர்வு. தளர்ந்த வரி இயந்திரத்தில் பாரம் ஓடும்போது எழுத்தைக் கக்கிவிடும். சாய்க்கவே முடியாமல் முரண்டு பிடித்தால் இறுக்கம் அதிகம். அப்படிப்பட்ட ஒரு வரி பக்கத்தில் இருக்கும் நல்ல வரிகளையும் தளர வைத்துவிடும். கதிர் பார்த்த வரி அங்கேயே நின்றதற்குக் காரணம், யாரோ ஒரு கம்போசிட்டர் அதைச் சரியாக முடித்திருந்தார் என்பதே. பிறகு சுவரின் பிடி துருவேறி இறுகிப்போனது. கதையில் அந்தக் கம்போசிட்டர் வருவதே இல்லை. அவருடைய வேலை மட்டும் இருக்கிறது.

அடுத்தது படிப்பது. அச்செழுத்து தாளில் நேராக விழ வேண்டுமானால் ஈயத்தில் கண்ணாடிப் பிம்பமாக இருக்க வேண்டும் என்பது எல்லோரும் ஊகிக்கக்கூடியது. ஆனால் ஸ்டிக்கில் எழுத்துகளைத் தலைகீழாகத்தான் வைப்போம். அப்போதுதான் வழக்கம்போல் இடமிருந்து வலமாகக் கோத்துக்கொண்டு போக முடியும். எழுத்தின் உடம்பில் ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். அது வெளிப்பக்கம் பார்த்தபடி இருந்தால் எழுத்து சரியான வாக்கில் இருக்கிறது என்று கண்ணால் பார்க்காமலே விரல் சொல்லிவிடும். ஆகவே ஸ்டிக்கைப் பிடித்திருப்பவர் பார்ப்பது இடமிருந்து வலமாக ஓடும் தலைகீழ் வரி. பழகிவிட்டால் அதையே வேகமாகப் படிப்போம். புதிதாகப் பார்க்கும் பையன் எப்படிப் படிப்பான்?

கதிருக்கு ஒன்று தெரியும். தன்னையே படம் எடுக்கும்போது சட்டையில் இருக்கும் எழுத்து திரையில் திரும்பித் தெரியும். கைப்பேசியில் படத்தை இடவலமாகத் திருப்பும் வசதி உண்டு. திருப்பிப் பார்க்கிறான். கண்ணாடிப் பிம்பம் சரியாகிவிட்டது. ஆனால் எழுத்துகள் இன்னும் தலைகீழாகத்தான் நிற்கின்றன, அவன் கண்ணுக்கு எதுவும் பிடிபடவில்லை. கைப்பேசி தரையில் கிடக்கிறது. எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் பாட்டி எட்டிப் பார்த்து, சாதாரணமாகப் படிக்கிறார்: "நாளை மாலை. என்னடா நாளை மாலை?"

அவருக்கு அது நேராகத் தெரிகிறது, எதிர்ப்பக்கம் இருக்கிறார் என்பதால். இந்த இடத்துக்காகவே இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தேன். இடவலம் திருப்பியதும் அரைச் சுற்று சுற்றியதும் சேர்ந்தால்தான் வரி நேராகும். முதல் பாதியைப் பையன் செய்கிறான், மறுபாதியைப் பாட்டி உட்கார்ந்திருக்கும் இடம் செய்துவிடுகிறது. எழுதும்போது காகிதத்தில் வெட்டி வைத்துத் திருப்பித் திருப்பிச் சரிபார்த்தேன். அச்சுத் தொழிலாளி ஒருவர் படித்தால் இந்த இடத்தில்தான் கை வைப்பார் என்பது தெரியும்.

பாட்டி படித்ததற்கு இன்னொரு காரணமும் வைத்திருந்தேன். 'நாளை மாலை' என்ற சொற்களைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். கைப்பேசியைத் தன் பக்கம் திருப்பிய பிறகும் கதிரால் ந, துணைக்கால், ம, துணைக்கால் ஆகியவற்றை மட்டுமே படிக்க முடிகிறது. ளகரத்துக்கும் லகரத்துக்கும் முன்னால் இணைக்கொம்பைக் காணோம். அதற்குப் பதில் எழுத்தின் தலையில் யானைத் துதிக்கைபோல் ஒரு வளைவு. 1978 அக்டோபரில் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும்வரை ணை, லை, ளை, னை நான்கையும் அப்படித்தான் பள்ளியில் எழுதினோம். ணா, றா, னா ஆகியவற்றுக்கும் தனி வடிவம் இருந்தது. பெரியார் 1935இலேயே இவற்றை மாற்றித் தம் இதழில் அச்சிடத் தொடங்கிவிட்டார். கம்போசிட்டருக்கு இது வெறும் வடிவப் பிரச்சினை இல்லை. தமிழ் கேஸில் கி, கீ, கு, கூ வரிசைகளுக்கே பதினெட்டு மெய்க்கும் தனித்தனி அறை வேண்டும். அதோடு இந்தத் தனி வடிவங்களும் சேர்ந்தால் கை எட்ட வேண்டிய தூரம் இன்னும் கூடும். கொக்கு என்று கோக்க ஒற்றைக்கொம்பு, க, துணைக்கால், க், கு என்று ஐந்து துண்டு எடுக்க வேண்டும்.

கதையைப் படித்த இதழாசிரியர், "அப்படியானால் அந்த வரி 1978க்கு முந்தையது என்று பையன் கண்டுபிடிப்பதாக வைக்கலாமே" என்றார். நல்ல யோசனைதான், ஆனால் ஏற்க முடியவில்லை. அரசாணை வந்த மறுநாளே எந்தச் சிறு அச்சகமும் தன் எழுத்துகளை உருக்கிவிடவில்லை. புது எழுத்து வாங்கப் பணம் வேண்டும். பழைய எழுத்து தேயும்வரை அதையே ஓட்டியவர்கள் உண்டு. கோயில் திருவிழா நோட்டீசில் பழைய லையும் புதிய லையும் ஒரே பக்கத்தில் நின்றதை நானே பார்த்திருக்கிறேன். ஆகவே அந்த வரியைக் கோத்தவர் பழைய எழுத்தைக் கையாண்டார் என்று சொல்லலாம். ஆண்டு சொல்ல முடியாது. பாட்டி, "நான் படிக்கிறப்ப இப்படித்தான் எழுதுவோம்" என்று மட்டும் சொல்கிறார். அவருக்கு எழுத்து தெரியும், கருவி தெரியாது. "ரப்பர் ஸ்டாம்பு செய்யற சாமானா இருக்குமோ?" என்பது அவருடைய ஊகம்.

அடுத்த வெள்ளிக்கிழமை கதிர் காசு சேர்த்துக்கொண்டு போகிறான். ஸ்டிக் இருக்கிறது. எழுத்து இல்லை. கடைக்காரர் சுத்தியலால் தட்டிப் பிடியைத் தளர்த்தி, துண்டுகளை உதிர்த்துவிட்டார். "அது ஈயம்டா தம்பி. தனியாப் போட்டாத்தான் காசு." காந்தத்தில் ஒட்டாத துண்டுகள் எல்லாம் ஒரு டப்பாவில் கலந்து கிடக்கின்றன. எழுத்து போனதால் விலையும் இறங்கி, ஸ்டிக் நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

இந்தத் திருப்பத்தை நான் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை. கணினியும் ஆப்செட்டும் வந்து கைக்கோப்பு அச்சகங்கள் மூடப்பட்டபோது எழுத்துகளுக்கு நேர்ந்தது இதுதான். கேஸ் கேஸாக எடைக்குப் போட்டு உருக்கினார்கள். ஈயத்துக்கு விலை இருந்ததால் எழுத்து போய்விட்டது, இரும்புக்கு அவ்வளவு விலை இல்லாததால் ஸ்டிக்குகள் மூலையில் கிடந்து பிழைத்தன. இன்று பழைய பொருள் சந்தைகளில் கிடைக்கும் ஸ்டிக்குகள் அனேகமாகக் காலியாகத்தான் இருக்கும். கதிரிடம் அந்த வரி இருப்பது இப்போது படத்தில் மட்டுமே. முதல் வாரம் காசு இல்லாமல் எடுத்த படத்துக்கு இரண்டாம் வாரம் அந்த இடம் கிடைக்கிறது. ஒரு கதையில் கேமரா இருக்கலாமா கூடாதா என்பதற்கு எனக்கு ஒரே சோதனைதான் தெரியும்: அதை எடுத்துவிட்டால் கதையில் எது தொலைகிறது என்று பார்ப்பது.

இனித் தொழிலைக் கண்டுபிடிக்க வேண்டும். தாத்தாவை வாசலில் நிறுத்தியிருந்தேன் அல்லவா, இப்போது அவரை உள்ளே விட்டேன். ஆனால் விளக்கம் சொல்ல விடவில்லை. கல்யாணப் பத்திரிகை கடையில் கணக்கு எழுதும் ஒரு பெரியவர். கதிர் ஸ்டிக்கை மேசையில் வைத்துவிட்டு, படத்தைக் காட்டக் கைப்பேசியைத் தேடுகிறான். அதற்குள் பெரியவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஸ்டிக்கை எடுக்கிறார். இடக்கையில் பிடிக்கிறார். நான்கு விரலும் அடியில் போக, கட்டைவிரல் தானாக உள்ளே போய்ப் படுத்துக்கொள்கிறது. வலக்கை மேசைமேல் இங்கும் அங்கும் போய்ப் போய் வருகிறது. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: "எழுத்தெல்லாம் பிரிச்சுப் போட்டாச்சா?"

அச்சான பிறகு எழுத்துகளைக் கழுவி, ஒவ்வொன்றையும் அதனதன் அறையில் திரும்பப் போடுவதுதான் பிரிப்பது. கோப்பதில் மட்டுமல்ல, பிரிப்பதிலும் நிறைய வேலை உண்டு. ஒரு எழுத்து தப்பான அறையில் விழுந்தால் நாளைக்குக் கோப்பவர் கையில் பிழையாக வரும். வேலைக்குச் சேரும் பையன்களுக்கு முதலில் கொடுப்பதும் இதுதான். ஒரு கம்போசிட்டர் ஸ்டிக்கைப் பார்த்ததும் கேட்கக்கூடிய கேள்வி இதைத் தவிர வேறில்லை. அதைக் கேட்ட பிறகு பையன் படத்தைக் காட்டுகிறான். பெரியவர் அதை எந்தப் பக்கமும் திருப்பச் சொல்லாமல், எடுத்தது எடுத்தபடியே படிக்கிறார். கதிருக்குத் தொழில் தெரிந்துவிடுகிறது. வாசகனுக்கும்.

'கம்போசிட்டர்' என்ற பெயரைக் கதையில் அதன் பிறகுதான் சொன்னேன். பெயரை முதலிலேயே கொடுத்திருந்தால், படிக்கும் குழந்தை அதைத் தெரிந்துகொண்ட திருப்தியில் பார்ப்பதை நிறுத்தியிருக்கும். ஸ்டிக், கேஸ், பிரிப்பது, கம்போசிட்டர் ஆகிய நான்கு சொற்களுக்கு மேல் தொழிற்சொல் எதையும் வைக்கவில்லை. ஒவ்வொன்றும் ஒரு கை அசைவுக்குப் பின்னால் வருகிறது. எனக்குப் பிடித்த கேலியும் பாரமும் செஸ்ஸும் வெளியே நின்றன. வருத்தம்தான். ஆனால் காலி ஸ்டிக்கைக் கையில் வைத்திருக்கும் பையனுக்கு அவை தேவைப்படவில்லை.

நாளை மாலை என்ன நடக்க இருந்தது என்று கதை சொல்லவில்லை. பொதுக்கூட்டமோ, நிச்சயதார்த்தமோ, நாடகமோ. கம்போசிட்டருக்கே பல நேரம் தெரியாது. கையெழுத்துப் பிரதியின் ஒரு தாள் அவரிடமும் மறுதாள் அடுத்தவரிடமும் இருக்கும். இதற்குப் பதில் கொடுக்கச் சொல்லிக் கேட்டவர்களிடம் இதைத்தான் சொன்னேன்.

இதைப் படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். சந்தையிலோ உங்கள் வீட்டுப் பரணிலோ பெயர் தெரியாத இரும்பு ஒன்று கிடைத்தால், மண்ணெண்ணெயும் உப்புத்தாளும் எடுப்பதற்கு முன்னால் படம் எடுங்கள். காலையோ மாலையோ பக்கவாட்டு வெயிலில், எல்லாப் பக்கமும், பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்து. இடுக்கில் ஒட்டியிருப்பதைக் கிளற வேண்டாம். விற்றவர் அதைப் பற்றி என்ன சொன்னாரோ, தப்பாகவே இருந்தாலும், எழுதி வையுங்கள். பில் புத்தகத்துக்கு எண் போடவும் அட்டை மடிப்பு வெட்டவும் டிரெடில் ஓட்டும் அச்சகங்கள் இன்னும் பல ஊர்களில் இருக்கின்றன. அங்கே உட்கார்ந்திருக்கும் மூத்தவரிடம் அந்தப் பொருளைக் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர் அதை எப்படிப் பிடிக்கிறார் என்று பாருங்கள், அதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.